வியூவபிள் ரேட் குறைவாக வந்தால்: வடிகட்டியைத் தொடுவதற்கு முன் எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி: சென்னையில் ஒரு ஏஜென்சியில் ப்ரோக்ராமாட்டிக் டீமில் இருக்கிறேன். வீட்டு உபயோகப் பொருள் பிராண்ட் ஒன்றுக்கு DV360-இல் டிஸ்ப்ளே கேம்பெய்ன் ஓடுகிறது. பெரும்பாலும் தமிழ்ச் செய்தித் தளங்கள், மொபைல், கொஞ்சம் ஆப். வியூவபிள் ரேட் 43% தான் வருகிறது, க்ளையன்ட் 70% கேட்கிறார். பிராண்ட் சேஃப்டி ரிப்போர்ட் 98% சேஃப் என்கிறது. 70% வியூவபிலிட்டி டார்கெட்டிங் போட்டுவிட்டால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்:

போட்டால் எண் ஏறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். அந்த வடிகட்டி உங்கள் பணத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பெரும்பாலான கேம்பெய்ன்களில் குறைவான ரேட்டுக்குக் காரணம் எல்லா இடத்திலும் பரவியிருப்பதில்லை. இரண்டு மூன்று இடங்களில்தான் மொத்தமாகக் கிடக்கும். அவற்றைக் கண்டுபிடித்து வெட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் அந்த 43% எதனுடைய 43% என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் மூன்று எண்கள் உண்டு: அளப்பதற்குத் தகுதியான இம்ப்ரஷன், உண்மையில் அளக்க முடிந்த இம்ப்ரஷன், அதில் பார்க்கக்கூடியதாக இருந்த இம்ப்ரஷன். DV360-இல் இவை `Active View: Eligible Impressions`, `Active View: Measurable Impressions`, `Active View: Viewable Impressions` என்று இருக்கும். வியூவபிள் ரேட் என்பது மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தது, முதலாவதால் அல்ல. பார்க்கக்கூடியது என்பதற்கு, விளம்பர அளவீட்டுத் தரங்களை வகுக்கும் அமைப்பான எம்.ஆர்.சி. வைத்திருக்கும் அளவுகோல் ரொம்பக் கடுமையானதில்லை. பேனரின் பிக்சல்களில் பாதி, தொடர்ந்து 1 விநாடி திரையில் இருந்தால் போதும். 970×250 போன்ற பெரிய பேனருக்கு, அதாவது 2,42,500 பிக்சலும் அதற்கு மேலும் இருந்தால், 30% போதும். வீடியோவுக்குப் பாதிப் பிக்சல், 2 விநாடி.

இதைப் போனில் வைத்து யோசித்துப் பாருங்கள். 320×50 பேனரில் பாதி என்பது 25 பிக்சல் உயரம். திரையின் அடியில் லேசாக எட்டிப் பார்த்தாலே கணக்கில் வந்துவிடும். 300×250-க்கு 125 பிக்சல் உயரம் உள்ளே வந்து, ஒரு விநாடி நிற்கவும் வேண்டும். விரலால் வேகமாகத் தள்ளிக்கொண்டே போகிறவரிடம் அது நடக்காமல் போக நிறைய வாய்ப்பு. ஆகவே இரண்டு சைஸையும் ஒரே ரேட்டில் போட்டுக் கலக்கினால் எதுவும் புரியாது.

சரி, ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். இந்த எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, உங்கள் ரிப்போர்ட்டின் எண்களை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தகுதியான இம்ப்ரஷன் 40 லட்சம், அளக்க முடிந்தது 34 லட்சம், பார்க்கக்கூடியது 14.62 லட்சம். ரேட் 43%.

இதை சைஸ், சாதனம், வெப்பா ஆப்பா என்று உடையுங்கள். 34 லட்சத்தில் மொபைல் வெப் 300×250 14 லட்சம், அதில் பார்க்கக்கூடியது 6.3 லட்சம், 45%. மொபைல் வெப் 320×50 10 லட்சம், அதில் 5.9 லட்சம், 59%. டெஸ்க்டாப் 728×90 3 லட்சம், அதில் 1.2 லட்சம், 40%. மீதி 7 லட்சம் ஆப்பில் போனது. அதில் பார்க்கக்கூடியது வெறும் 1.22 லட்சம், 17%. ஒரு ஓட்டை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து 300×250-ஐ மட்டும் எடுத்து டொமைன் வாரியாக உடைத்தால், 5 லட்சம் இம்ப்ரஷன் ஒரே தளத்தில் 22% ரேட்டில் கிடக்கிறது, மற்றவை எல்லாம் சேர்ந்து 58%-க்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டாவது ஓட்டை.

இந்த இரண்டையும் கழித்துவிடுங்கள். அளக்க முடிந்தது 22 லட்சம், பார்க்கக்கூடியது 12.3 லட்சம். ரேட் 56%. ஏலத்தில் கேட்கும் விலையான பிட்டைத் தொடவில்லை, எந்த வடிகட்டியும் போடவில்லை, 13 புள்ளி ஏறிவிட்டது.

இனி அந்த இரண்டு ஓட்டைகளும் ஏன் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும், காரணம் வேறு வேறு.

ஆப்பில் 17% என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், பேனரை முன்கூட்டியே பின்னணியில் ஏற்றிவைத்து, ஏற்றியபோதே இம்ப்ரஷன் என்று எண்ணுகிறார்கள் என்பதுதான். பயனர் அந்தப் பக்கத்துக்குக் கீழே இறங்கவே இல்லை, அல்லது ஆப்பையே மூடிவிட்டார், ஆனால் இம்ப்ரஷன் விழுந்துவிட்டது. ஆப் பெயர் வாரியாக ரிப்போர்ட் எடுத்தால் தெரியும்: கீபோர்டு, டார்ச், போனைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லும் ஆப், சின்னச் சின்ன விளையாட்டுகள் என்று வரிசையாக நிற்கும். கூடவே க்ளிக் ரேட் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருந்தால் அது விளம்பரத்தின் வெற்றி இல்லை, விரல் தவறிப் பட்டது. இந்த ஆப்களை நீக்கப் பட்டியலில் போடுங்கள். ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருக்க நேரமில்லை என்றால், ஆப் வாங்குவதைத் தனி லைன் ஐட்டமாகப் பிரித்து, தெரிந்த செய்தி ஆப்கள், கிரிக்கெட் ஆப்கள் என்று அனுமதிப் பட்டியல் வைத்து வாங்குங்கள். வெப்பையும் ஆப்பையும் ஒரே லைன் ஐட்டத்தில் ஓட்டுவதை நிறுத்தினாலே பல குழப்பம் தீரும்.

இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆப்பில் அளப்பதற்கான பொதுக் கருவி ஐஏபி டெக் லேப் வெளியிட்ட ஓஎம் எஸ்டிகே. அது சேர்க்கப்படாத ஆப்பில் பொதுவாக என்ன ஆகும் என்றால், இம்ப்ரஷன் அளக்க முடியாததாகப் போய்விடும், ரேட் குறையாது. மேலே உள்ள கணக்கில் அளக்க முடியாத 6 லட்சம் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களிலிருந்துதான் வரும். அளக்க முடியாததைப் பார்க்கப்படாதது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பார்க்கப்பட்டது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அளக்க முடிந்த பங்கு 60%, 50% என்று இறங்கினால் உங்கள் வியூவபிள் ரேட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பி க்ளையன்ட்டிடம் பேச முடியாது.

இரண்டாவது ஓட்டை, அந்த ஒரு தளம். இதற்கு டாஷ்போர்டில் பதில் கிடைக்காது, போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஆபீஸ் வைஃபையில் பார்க்காதீர்கள், மொபைல் டேட்டாவில் பாருங்கள், முடிந்தால் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில். வழக்கமாக இரண்டில் ஒன்று தெரியும். ஒன்று, பேனர் கட்டுரைக்கும் வாசகர் கருத்துக்கும் கீழே, அடுத்த செய்திகளின் பட்டியலுக்கு நடுவில் இருக்கும். அங்கே வருகிறவர் குறைவு. இன்னொன்று எதிர்பாராதது: பேனர் பக்கத்தின் உச்சியிலேயே, தலைப்புக்கு மேலே இருக்கும். உச்சியில் இருந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று நினைப்போம். ஆனால் பக்கம் திறந்ததும் வாசகர் தலைப்பைத் தேடிக் கீழே தள்ளிவிடுகிறார், பேனர் ஏறி முடிப்பதற்குள் அந்த இடம் திரையை விட்டுப் போய்விடுகிறது. கூகுள் 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொன்னது. அதிகம் பார்க்கப்படும் இடம் பக்கத்தின் உச்சி அல்ல, முதல் திரை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே உள்ள பகுதி. அதே ஆய்வில் அவர்கள் அளந்த டிஸ்ப்ளே இம்ப்ரஷன்களில் 56.1% பார்க்கக்கூடியதாக இல்லை. உங்கள் 43%-ஐப் பார்த்துப் பயந்துபோன க்ளையன்ட்டுக்கு இதையும் சொல்லலாம், பழைய எண் என்ற குறிப்போடு.

உச்சி ஸ்லாட்தான் பிரச்சினை என்றால், பாதிக் காரணம் நம் பக்கமும் இருக்கலாம். க்ரியேட்டிவ் எவ்வளவு கனம்? அனிமேஷன், மூன்று எழுத்துரு, நான்கு படம், அப்புறம் மூன்றாம் தரப்பு டேக், அதற்கு மேல் பிராண்ட் சேஃப்டிக்கான தடுப்பு டேக் என்று அடுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு தடவை சர்வருக்குப் போய்வர வேண்டும். வேகமான இணைப்பில் தெரியாது, நெரிசலான 4ஜியில் அது இரண்டு மூன்று விநாடி. சோதிக்க எளிய வழி உண்டு. அதே தளத்தில், அதே ஸ்லாட்டில், அனிமேஷன் இல்லாத 60, 70 கேபி படம் ஒன்றை மூன்று நான்கு நாள் பழைய க்ரியேட்டிவோடு மாற்றி மாற்றி ஓட்டுங்கள். படத்தின் ரேட் குறிப்பிடும்படி அதிகமாக இருந்தால் கனம்தான் காரணம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஸ்லாட்தான் காரணம், டிசைனரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அந்தத் தளத்தோடு உங்களுக்கு நேரடி டீல் இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை பேசிப் பாருங்கள். பக்கத்தின் கீழே உள்ள பேனர்கள், வாசகர் அருகில் வரும்போது மட்டும் ஏறும்படி செய்ய கூகுளின் பப்ளிஷர் டேக்கில் சில வரிகள்தான் தேவை:

```
googletag.pubads().enableLazyLoad({
  fetchMarginPercent: 200,
  renderMarginPercent: 50,
  mobileScaling: 1.5
});
```

இதன்படி ஸ்லாட் இரண்டு திரை உயரம் தள்ளி இருக்கும்போது விளம்பரம் கேட்கப்படும், அரைத் திரை தூரத்தில் இருக்கும்போதுதான் வரையப்படும். மொபைலில் இந்தத் தூரங்கள் ஒன்றரை மடங்காகும், ஏனென்றால் போனில் விரல் வேகம் அதிகம். சிலர் ரேட்டை இன்னும் ஏற்றுகிறோம் என்று இரண்டையும் 0-வுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள். அப்போது பேனர் ஏறுவதற்குள் வாசகர் தாண்டிப் போய்விடுவார், ரேட் திரும்ப இறங்கும். அருகில் வரும்போது மட்டும் ஏறும்படி மாற்றினால் அந்த ஸ்லாட்டின் மொத்த இம்ப்ரஷன் எண்ணிக்கை குறையும். பப்ளிஷர் தயங்குவது அதனால்தான். சிபிஎம், அதாவது ஆயிரம் இம்ப்ரஷனுக்கான விலை, கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட 70% வடிகட்டிக்கு வருகிறேன். DV360-இல் கணிக்கப்பட்ட வியூவபிலிட்டியை வைத்து 10% முதல் 90% வரை படிப்படியாக டார்கெட் செய்யலாம். 70% வைத்தால் ரிப்போர்ட்டில் 70%-ஐ ஒட்டி வந்துவிடும். ஆனால் விலையைப் பாருங்கள். இப்போது சிபிஎம் ₹60 என்று வைத்துக்கொண்டால், பார்க்கக்கூடிய ஆயிரம் இம்ப்ரஷனுக்கு ஆகும் செலவு 60-ஐ 0.43-ஆல் வகுத்தது, சுமார் ₹140. ஓட்டைகளை அடைத்த பிறகு மலிவு இடங்கள் போனதால் சிபிஎம் ₹66 ஆனாலும், ரேட் 56% என்பதால் செலவு ₹118. 70% வடிகட்டி போட்டதும் போட்டி அதிகமான இடங்கள் மட்டும் மிஞ்சி சிபிஎம் ₹120-க்குப் போய், ரேட் 72% வந்தால் செலவு ₹167. ரேட் ஏறியிருக்கிறது, ஆனால் பார்க்கப்பட்ட ஒவ்வொரு பேனருக்கும் முன்பைவிட அதிகம் கொடுக்கிறீர்கள். உங்கள் கேம்பெய்னில் விலை இப்படியே நகரும் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்றாவது எண்ணைக் கணக்கிடாமல் வடிகட்டியைப் போடக் கூடாது.

விலையைவிட எனக்குக் கவலை தருவது, அந்தப் பணம் எங்கே போகிறது என்பது. உயர்ந்த வியூவபிலிட்டி இயல்பாகவே கிடைக்கும் இடங்கள் சில உண்டு. திரையின் அடியில் ஒட்டிக்கொண்டே வரும் 320×50. சில விநாடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப்படும் பேனர், ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு புது இம்ப்ரஷன். ஒரு படத்துக்கு ஒரு பக்கம் என்று இழுக்கும் கேலரி, சுற்றிலும் ஐந்து விளம்பரம். இவை எல்லாம் ஒன்றுகூடுகிற இடம்தான் விளம்பரத்துக்காகவே உருவாக்கப்பட்ட தளங்கள். அமெரிக்காவின் விளம்பரதாரர் சங்கமான ஏஎன்ஏ 2023-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பார்த்த இம்ப்ரஷன்களில் 21%, செலவில் 15% இந்த மாதிரித் தளங்களுக்குப் போயிருந்தது. வியூவபிலிட்டி எண்ணை மட்டும் துரத்தினால் அல்காரிதம் சந்தோஷமாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வடிகட்டி போட்ட பிறகு செலவில் முதல் 50 டொமைனைத் திறந்து பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பெயரே கேள்விப்படாத தளத்தில் 90%-க்கு மேல் ரேட் வந்தால் அது நல்ல செய்தி இல்லை.

ஆகவே வடிகட்டி வேண்டுமென்றால் 30% அல்லது 40% வையுங்கள், அடிமட்டக் குப்பையை மட்டும் தள்ளுவதற்கு. அதற்கு மேல் ஏற்றுவதை டீல்கள், ஸ்லாட் தேர்வு, சைஸ் தேர்வு வழியாகச் செய்யுங்கள்.

அப்புறம் அந்த 98% சேஃப். இதைப் பார்த்து நிம்மதி அடைந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். இந்த எண்ணுக்கும் ஒரு வகுக்கும் எண் உண்டு. வகைப்படுத்த முடிந்த பக்கங்களில் எத்தனை உங்கள் விதிகளைத் தாண்டவில்லை என்பதுதான் அது. வகைப்படுத்த முடியாத பக்கங்கள் எங்கே போயின என்று கேளுங்கள். சில அமைப்புகளில் அவை சேஃப் பக்கமே சேர்க்கப்பட்டிருக்கும். உங்கள் சரிபார்ப்பு நிறுவனத்திடம் நேராகக் கேட்க வேண்டியது இரண்டு: தமிழ்ப் பக்கங்களைப் பக்க அளவில் படித்து வகைப்படுத்துகிறீர்களா, அல்லது டொமைனைப் பார்த்து மட்டும் முடிவு செய்கிறீர்களா? ஆப்பில் நீங்கள் பார்ப்பது உள்ளே இருக்கும் கட்டுரையையா, ஆப் ஸ்டோர் வகையையா? டொமைன் அளவில் மட்டும் என்றால், ஒரு நாளிதழ் தளத்தின் சமையல் பக்கமும் கொலை வழக்குப் பக்கமும் அந்த ரிப்போர்ட்டுக்கு ஒன்றுதான்.

இந்த பிராண்ட் சேஃப்டி அமைப்பு உங்கள் வியூவபிலிட்டியையும் தொடும். பலரும் இரண்டையும் தனித்தனி ரிப்போர்ட்டில் பார்ப்பதால் இதைக் கவனிப்பதில்லை. க்ளையன்ட் தலைமையகத்திலிருந்து வந்த ஆங்கில வார்த்தைத் தடைப் பட்டியல் ஒன்று உங்களிடமும் இருக்கும், பல நூறு வார்த்தைகளோடு. அதில் ஷூட் இருக்கும், அட்டாக் இருக்கும், க்ராஷ் இருக்கும். பக்கத்தின் முகவரி ஆங்கில எழுத்தில் இருப்பதால் அந்த வார்த்தைகள் அங்கே மாட்டும். சினிமா ஷூட்டிங் செய்தி போச்சு, பங்குச் சந்தைச் சரிவு போச்சு. யாரோ உற்சாகமாகத் தமிழ் வார்த்தைகளையும் சேர்த்திருந்தால் இன்னொரு கூத்து: "சுட்ட" என்று போட்டால் வடை சுட்ட குறிப்பும் மாட்டும், "கொலை" என்று முழு வார்த்தையாகப் பொருத்தினால் "கொலையில்", "கொலையான" எல்லாம் தப்பித்துவிடும். விளைவு என்னவென்றால், மக்கள் நின்று நிதானமாகப் படிக்கிற செய்திக் கட்டுரைகள் வெளியே போய்விடுகின்றன. வேகமாகத் தள்ளிப் போகும் முகப்புப் பக்கங்களும், விவரமே தெரியாத ஆப்களும் மிஞ்சுகின்றன. ரேட் இறங்குகிறது.

இதைச் சோதிக்க, தடுக்கப்பட்ட பக்கங்களின் முகவரிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து 200 முகவரியை எடுத்து, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் பெரும் பகுதி சாதாரணச் செய்தி என்றால் பட்டியலைச் சுருக்க அதுவே ஆதாரம். வார்த்தைப் பட்டியலுக்குப் பதில் வயது வந்தோர் உள்ளடக்கம், ஆயுதம், வெறுப்புப் பேச்சு என்று வகை அளவில் தடையை வையுங்கள். விளம்பரதாரர்களின் பிராண்ட் சேஃப்டி கூட்டமைப்பான ஜிஏஆர்எம் 2024 ஆகஸ்டில் கலைக்கப்பட்டாலும் அது வகுத்த வகைப்பாடு கருவிகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, அதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தடையைப் பிட் செய்வதற்கு முன்பே வையுங்கள். வாங்கிய பிறகு தடுக்கும் டேக் இருந்தால், பக்கம் பிடிக்கவில்லை என்று வெற்றுப் படம் காட்டப்பட்டாலும் இம்ப்ரஷனுக்குப் பணம் போயிருக்கும். போதாததற்கு அந்த டேக் ஒவ்வொரு பேனரையும் தாமதப்படுத்தும், நான் முன்பு சொன்ன உச்சி ஸ்லாட்டில் அது நேராக ரேட்டில் தெரியும். பிட்டுக்கு முன் வடிகட்டி, பிறகு வெறும் கண்காணிப்பு டேக் மட்டும் என்பது பெரும்பாலான பிராண்டுகளுக்குப் போதும். மருந்து, குழந்தைகள் பொருள் போன்ற பிராண்டுகளில் மட்டும் தடுப்பு டேக்கையும் வைத்திருப்பது நியாயம்.

வேலையின் வரிசை என்றால், முதல் வாரம் ஆப்பைப் பிரிப்பது, அந்த ஒரு தளத்தைக் கழிப்பது, தடுப்பு டேக்கைக் கண்காணிப்பு டேக்காக மாற்றுவது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அடுத்த வாரம் வார்த்தைப் பட்டியல், அப்புறம் 30% வடிகட்டி.

க்ளையன்ட்டிடம் 70%-ஐ மொத்தக் கேம்பெய்னுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சைஸ் வாரியாகத் தனித்தனி இலக்கு பேசுங்கள், ஒட்டிக்கொண்டு வரும் பேனரைத் தனியாக வையுங்கள். அளக்க முடிந்த பங்கு, வியூவபிள் ரேட், பார்க்கக்கூடிய ஆயிரத்துக்குச் செலவு ஆகிய மூன்றும் ஒரே வரியில் வரும்படி ரிப்போர்ட் கொடுங்கள். யாருடைய அளவை ஏற்பது என்பதையும் இப்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கூகுளின் ஆக்டிவ் வியூ 56% என்று சொல்லும்போது சரிபார்ப்பு நிறுவனங்களான ஐஏஎஸ் அல்லது டபுள்வெரிஃபை வேறு எண் சொல்லும். போலி ட்ராஃபிக்கைக் கழிப்பதும், அளக்க முடியாததை ஒதுக்குவதும் ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் மாறும். இதைப் பேசி முடிக்காவிட்டால் மாதக் கடைசியில் பில்லை வைத்துக்கொண்டு அந்த வித்தியாசத்துக்காகச் சண்டை போட வேண்டியிருக்கும்.